அலைகளை மாற்றிக் கோத்தால் முகம் யாருக்குப் போகும்?

முதல் படத்தில் முக்காலியின் மீது கேமராவை வைத்து ஒருவர் படம்பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில் விண்வெளி வீராங்கனை ஐலீன் காலின்ஸ் விண்வெளி உடையில் சிரிக்கிறார். பட ஆய்வு படிக்கும் மாணவர்கள் பலருக்கும் பழக்கமான இந்த இரண்டும் பைத்தான் மொழியின் scikit-image தொகுப்போடு மாதிரிப் படங்களாகவே வருகின்றன. இரண்டையும் அலைகளாகப் பிரித்து, பாதித் தகவலை இதிலிருந்தும் மீதியை அதிலிருந்தும் எடுத்து ஒரே படமாகச் சேர்த்தால் யார் தெரிவார்? இரண்டு பேரும் பாதிப் பாதியாகக் கலந்து தெரிவார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை.

எந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் வெவ்வேறு அகலமும் திசையும் கொண்ட பட்டை பட்டையான அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம். இது பிரெஞ்சு கணித அறிஞர் ஃபூரியேயின் பெயரால் வழங்கும் முறை. ஒவ்வோர் அலைக்கும் இரண்டு எண்கள் உண்டு. அந்த அலை எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்வது வீச்சு. அதன் வெள்ளைப் பட்டை படத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைச் சொல்வது கட்டம்.

512 புள்ளி அகலமுள்ள படத்தில் எட்டு முறை ஏறி இறங்கும் ஓர் அலையை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளைப் பட்டைக்கும் அடுத்த வெள்ளைப் பட்டைக்கும் இடையே 64 புள்ளிகள் இருக்கும். இதன் கட்டத்தை மட்டும் 180 பாகை திருப்பினால் பட்டைகள் எல்லாம் 32 புள்ளி நகர்ந்து, வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு வந்து உட்காரும். வீச்சு கொஞ்சமும் மாறியிருக்காது.

இனி மாற்றிக் கோப்பது எளிது.

```python
import numpy as np
from skimage import data, color

a = data.camera() / 255
b = color.rgb2gray(data.astronaut())
A, B = np.fft.fft2(a), np.fft.fft2(b)
c = np.fft.ifft2(np.abs(A) * np.exp(1j * np.angle(B)))
print(np.abs(c.imag).max())
c = c.real
```

கேமராக்காரர் படத்தின் வீச்சும் காலின்ஸ் படத்தின் கட்டமும் சேர்ந்து `c` ஆகிறது. திரையில் வருபவர் காலின்ஸ். முகத்தின் மேல் மூட்டம் படர்ந்திருக்கும், நிழலும் வெளிச்சமும் சற்றுத் திட்டுத்திட்டாக இருக்கும். ஆனாலும் ஆள் யார் என்பதில் குழப்பம் வராது. திருப்பிக் கோத்தால் கேமராக்காரர் வருவார். கட்டம் யாருடையதோ, படமும் அவருடையதாகிவிடுகிறது.

செய்து பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். மேலே அச்சிடும் எண் பூச்சியத்தை ஒட்டி, கணிப்பொறியின் துல்லியப் பிழை அளவில்தான் இருக்க வேண்டும். அது பெரிதாக இருந்தால் மாற்றிக் கோப்பதில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. இன்னொன்று, கிடைக்கும் மதிப்புகள் பூச்சியத்துக்குக் கீழும் ஒன்றுக்கு மேலும் போகும். அவற்றை விரித்துச் சரிசெய்யாமல் எட்டு பிட் படமாகச் சேமித்தால் எல்லை தாண்டியவை மறுமுனைக்குச் சுற்றிவந்து, இருட்டில் வெள்ளைப் புள்ளிகளாகவும் வெளிச்சத்தில் கறுப்புப் புள்ளிகளாகவும் தெறிக்கும். பலர் இதையே சோதனையின் விளைவு என்று நம்பிவிடுகிறார்கள்.

கட்டம் ஏன் வெல்கிறது? உடையின் ஓரமும் பின்புலமும் சந்திக்கும் விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டும். அந்த ஒரே கோட்டில் அகலமான அலையும் நுண்ணிய அலையும் ஒன்றாக ஏறுகின்றன. எல்லாம் கூடும் இடத்தில் வெளிச்சம் சட்டென்று மாறுகிறது, மற்ற இடங்களில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கண், மூக்கு, உதடு என்று நாம் அடையாளம் காணும் எல்லாமே இப்படி அலைகள் ஒத்துப்போகும் இடங்கள்தான். கட்டங்களைக் கலைத்துப்போட்டால் ஒத்துப்போவதற்கு இடமே இல்லாமல் படம் மேகமாகக் கரைந்துவிடும். வீச்சுக்கோ ‘எங்கே’ என்ற கேள்வியே தெரியாது. படத்தைப் பத்துப் புள்ளி வலப்பக்கம் தள்ளி, வெளியேறிய பகுதியை இடப்பக்கம் ஒட்டினால், வீச்சுகள் எல்லாம் பழையபடியே இருக்கும், மாறுவது கட்டம் மட்டுமே.

வேறொரு காரணமும் இருக்கிறது, அதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சாதாரணப் புகைப்படங்களின் வீச்சுகள் ஏறக்குறைய ஒரே சாயலில் அமைந்தவை. அலை நுண்ணியதாக ஆக, அதன் வீச்சு அதே விகிதத்தில் குறைந்துகொண்டே போகிறது. டேவிட் ஃபீல்ட் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆகவே வீச்சை மாற்றும்போது ஏறக்குறைய ஒத்த ஒன்றைத்தான் மாற்றுகிறோம். செங்கல் சுவர், கட்டம் போட்ட துணி போன்ற படங்களில் நிலைமை வேறு. அங்கே வலு முழுவதும் சில குறிப்பிட்ட அலைகளில் குவிந்திருப்பதால், கடன் கொடுத்த வீச்சோடு பட்டைகளும் நிழலாகப் பின்தொடர்ந்து வந்துவிடும்.

சோதனையின் முடிவு, எவ்வளவு பெரிய பரப்பை ஒரே மூச்சில் பிரிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாற்றிக் கோத்தால், சதுரம் சுருங்கச் சுருங்க வீச்சின் கை ஓங்கும். கடைசியில் சதுரம் ஒரே ஒரு புள்ளியாகிவிட்டால், வீச்சு என்பது அந்தப் புள்ளியின் வெளிச்சமேதான், கட்டம் எங்கும் பூச்சியம். அப்போது வீச்சு கொடுத்தவரின் படம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

அதனால் வீச்சில் தகவலே இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பொருளைச் சுற்றி வெற்றிடம் இருக்கிறது, வெளிச்சம் எங்கும் பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பவை முன்கூட்டியே தெரிந்திருந்தால், வீச்சிலிருந்து மட்டுமே படத்தை மீட்க முடியும் என்று ஜேம்ஸ் ஃபியனப் 1978இல் கணிப்பொறியில் செய்துகாட்டினார். அதற்குப் பல சுற்றுக் கணக்கு தேவைப்பட்டது. கட்டத்தில் கண்ணுக்கு நேராகத் தெரியும் உருவம், வீச்சில் மறைவாகக் கிடக்கிறது.

மின்னணுக் குறிகைத் துறையினர் இந்த விஷயத்துக்கு எடுத்துக்காட்டும் கட்டுரை, ஆலன் ஓப்பன்ஹைமும் ஜே லிம்மும் 1981இல் எழுதியது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, படங்களை வைத்து அல்லாமல் படிகங்களை வைத்து, இதே கண்டுபிடிப்பு சென்னையிலிருந்து வந்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் ஆர். ஸ்ரீனிவாசனும் 1961இல் ‘நேச்சர்’ இதழில் அதை எழுதினார்கள்.

படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் பல திசைகளில் ஒளிப்புள்ளிகள் விழும். அவற்றின் வலுவை அளந்தால் வீச்சு கிடைக்கும். கட்டம் பதிவாவதே இல்லை. அதை ஊகித்து நிரப்பித்தான் அணுக்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு கட்டமைப்பின் வீச்சோடு வேறொன்றின் கட்டத்தைச் சேர்த்தால், கட்டம் கொடுத்த கட்டமைப்பின் அணுக்கள்தான் முகடுகளாக எழுகின்றன என்பதை அந்த இருவரும் காட்டினார்கள். முரண்போலத் தோன்றும் ஒன்று என்றே தலைப்பிலும் குறித்தார்கள். உண்மையாக அளந்த எண்களைப் பின்தள்ளிவிட்டு, ஆய்வாளர் ஊகித்த எண்கள் படத்தை வரைந்துவிடுகின்றன. தவறான மாதிரியிலிருந்து கட்டத்தை எடுத்தால், அந்தத் தவறே அணுக்களின் வடிவில் திரும்பி வந்து ‘சரிதான்’ என்று சொல்லும்.

ஒரு புரதத்தின் வடிவத்தை அதன் உறவுப் புரதத்தின் வடிவத்திலிருந்து கட்டம் கடன்வாங்கிக் கண்டுபிடிக்கும் வழக்கம் இன்று பரவலாக இருப்பதால், இந்த ஆபத்து ஆய்வகங்களில் அன்றாடக் கவலை. அதற்கென ஒரு சோதனையும் உண்டு. சந்தேகமுள்ள துண்டை, சில அமினோ அமிலங்களையோ ஒட்டியிருக்கும் மருந்து மூலக்கூறையோ, மாதிரியிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியதை மறுபடி சீர்செய்து அதிலிருந்து மட்டும் கட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். நீக்கிய இடத்தில் எலக்ட்ரான் அடர்த்தி தெளிவாக மீண்டும் எழுந்தால், அது அளந்த வீச்சுகளிலிருந்து வந்திருக்கிறது. அந்த இடம் வெறுமையாகவே கிடந்தால், முன்பு அங்கே தெரிந்தது கடன்வாங்கிய கட்டம் வரைந்த உருவம்.