எட்டாவது நாற்காலி

கருத்தரங்குகளில் மதிய உணவுக்குப் போடும் வட்ட மேசைகள் பெரும்பாலும் இரண்டு அளவில் இருக்கும். ஐந்தடி விட்டமுள்ள மேசையில் எட்டுப் பேர் உட்காரலாம், ஆறடி மேசையில் பத்துப் பேர். தனியாக வந்திருக்கும் ஒருவர் பஃபே வரிசையில் தட்டை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது ஒவ்வொரு மேசையும் ஒரே கூட்டமாகத்தான் கண்ணில் படும். ஏழு பேர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலியாக இருக்கும் எட்டாவது நாற்காலியில் நாம் போய் உட்கார்ந்தால் ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார்கள் என்று மனம் கூசுகிறது. பலர் இந்த இடத்தில் திரும்பிப் போய், சுவரோரம் நின்றபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறார்கள்.

ஆனால் அந்த மேசையில் ஏழு பேர் சேர்ந்து பேசிக்கொண்டிருப்பது அபூர்வம். மனிதர்கள் இயல்பாகக் கூடிப் பேசும்போது ஒரு பேச்சில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ராபின் டன்பரும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் கவனித்து 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உச்ச வரம்பு ஏறக்குறைய நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்தால் சற்று நேரத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஐந்தடி மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பேசுவது அரங்க இரைச்சலில் பாதிதான் காதில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் மூன்று பேர் ஒரு பேச்சு, இரண்டு பேர் இன்னொரு பேச்சு, மீதி இருவர் எதிலும் முழுதாக இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவர் மேசை முழுவதற்கும் விருந்தாளி ஆக வேண்டியதில்லை. மூன்று பேர் பேசும் ஒரு பேச்சில் நான்காவது ஆளாக ஆனால் போதும்.

இப்படிப் பார்த்தால் முதல் வேலை எளிதாகிறது. எந்த நாற்காலி காலி என்று தேடுவதை விட்டு, எந்தப் பேச்சில் இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையில் தட்டோடு அரை நிமிடம் நின்று பார்ப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள்.

ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர், சேர்ந்து பேசுகிறவர்கள் உடம்பை எப்படித் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள் என்பதை வெகுகாலம் கவனித்தவர். பேசுகிறவர்கள் தங்களுக்கு நடுவே ஒரு பொது இடத்தை உண்டாக்கிக்கொண்டு அதை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அந்த இடம் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை வெளியிலிருந்தே படித்துவிடலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால்கள் நேருக்கு நேர் இருக்க, தலை குனிந்து தாழ்ந்த குரலில் பேசும் இருவரை விட்டுவிடுங்கள். வேலையிலோ வீட்டிலோ ஏதோ சங்கடம் ஓடிக்கொண்டிருக்கலாம். தட்டுகளைத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்து வைத்திருப்பவர்களும் வேண்டாம். அங்கே நடப்பது அலுவலகக் கூட்டம். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இடையிடையே சிரித்து, கண்ணை அரங்கம் முழுவதும் ஓடவிட்டுக்கொண்டு பேசும் மூன்று பேர் இருந்தால் அங்கே போகலாம். அந்த மூவரில் எவருக்குப் பக்கத்து நாற்காலி காலியோ அதுதான் உங்கள் நாற்காலி. எதிர்ப்பக்க நாற்காலி எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் அது பேச்சுக்கு வெளியே இருக்கிறது.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு மேலே போவோம். நிலத்தடி நீர் பற்றிய இரண்டு நாள் கருத்தரங்கு. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் முதல் முறையாகத் தனியே வந்திருக்கிறார். மேசையில் ஒரு மூத்த பொறியாளரும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும் தருமபுரிப் பக்கத்துக் கிணறுகளில் இருக்கும் ஃபுளோரைடு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொறியாளர்தான் பேசுகிறார், மாணவர்கள் கேட்கிறார்கள். ஒரு மாணவிக்குப் பக்கத்தில் நாற்காலி காலி.

இங்கே அனுமதி கேட்பது யாரிடம் என்பது முக்கியம். பேசிக்கொண்டிருக்கும் பொறியாளரிடம் கேட்டால் பேச்சு அறுந்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவியிடம், குரலைத் தாழ்த்தி, "இங்க யாராச்சும் வர்றாங்களாம்மா?" என்றால் அவர் தலையை அசைப்பதோடு காரியம் முடிந்துவிடும். நாற்காலியில் பையோ அடையாள அட்டையோ கிடந்தாலும் கேட்கலாம். பாதி சமயம் அது பக்கத்தில் இருப்பவர் வைத்ததாகத்தான் இருக்கும். உட்கார்ந்ததும் கைகூப்பி எல்லோருக்கும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. மரியாதை கருதித்தான் செய்கிறோம். ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுக்கு அது தடைதான். மூன்று பேரும் பேச்சை விட்டுவிட்டு உங்களைக் கவனிக்கும் கட்டாயத்துக்கு ஆளாகிறார்கள். நீங்கள் பயந்தது நீங்களே வரவழைத்ததாகிவிடுகிறது. பெயர் பிறகு வரட்டும்.

அடுத்த இரண்டு மூன்று நிமிடங்கள் கடினமானவை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், ஒரு பேச்சைக் கேட்கும் தொலைவில் இருப்பவர்களை இரண்டாகப் பிரித்தார்: பேச்சில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள், அருகில் இருப்பதால் காதில் வாங்கிக்கொள்கிறவர்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட பிறகும் அந்த விரிவுரையாளர் இரண்டாவது வகையில்தான் இருக்கிறார். ஒட்டுக்கேட்கிறோமோ என்ற உறுத்தல் அங்கிருந்து வருவது. அதைப் போக்குவது பெரும்பாலும் வார்த்தை இல்லை, பார்வை. பேசுகிறவர் கேட்பவர்களின் கண்ணைத் தேடிக்கொண்டே இருப்பார். சார்ல்ஸ் குட்வின் வீடியோப் பதிவுகளில் காட்டியது இது: கேட்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் பேசுகிறவர் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்குகிறார், அந்தக் கண்ணைத் தன் பக்கம் இழுக்க. ஆகவே தட்டையே பார்த்துக் குனிந்து சாப்பிடாதீர்கள். கவளத்துக்குக் கவளம் நிமிர்ந்து பேசுகிறவரைப் பாருங்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். சற்று நேரத்தில் பொறியாளரின் பார்வை இரண்டு மாணவர்களையும் சுற்றி உங்களிடமும் வந்து ஒரு கணம் நிற்கும். இரண்டாவது தடவை வந்து நின்றால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். உங்கள் முறைக்கான வாசல் அதுதான்.

முதல் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பெரியவர்களைவிடக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் நன்றாக வழிகாட்டுகின்றன. மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் இருவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளோடு புதிதாக ஒரு குழந்தை எப்படிச் சேர்கிறது என்று பார்த்தார்கள். தன்னைப் பற்றிப் பேசி, அல்லது மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் கருத்துச் சொல்லி, கவனத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்த குழந்தைகளை மற்றவர்கள் ஏற்கவில்லை, அல்லது கண்டுகொள்ளவே இல்லை. நடந்துகொண்டிருக்கும் விளையாட்டோடு ஒட்டிய ஒன்றைச் சொன்ன குழந்தைகளுக்கு வழி எளிதாகத் திறந்தது. வயது முப்பதைத் தாண்டினாலும் இதில் பெரிய மாற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் விரிவுரையாளருக்கு வருவோம். பொறியாளர் இப்போது படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடை அடியில் தங்கவைக்கும் நல்கொண்டா முறையை விவரிக்கிறார். விரிவுரையாளரும் இதில் கொஞ்சம் வேலை செய்தவர். "நானும் இதில்தான் ஒரு பேப்பர் போட்டிருக்கேன்" என்று தொடங்கலாம். பேச்சு உடனே அவர் பக்கம் திரும்பும், பொறியாளர் பாதியில் நிற்பார். "அந்த முறை சரிப்படாது சார்" என்றும் தொடங்கலாம். உண்மையாகவே இருந்தாலும் வந்து உட்கார்ந்தவரின் முதல் வார்த்தையாக அது நன்றாக இருக்காது. அவர் கேட்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: "அடியில தங்குற கசடை ஊர்ல எங்க சார் கொண்டுபோய்க் கொட்டுறாங்க?" அந்த முறையின் நிஜமான தலைவலி அது. இவ்வளவு நேரம் கவனித்துக் கேட்டவரால்தான் அதைக் கேட்க முடியும், துறை தெரிந்தவர் என்பதும் சொல்லாமலே தெரிந்துவிடும். பொறியாளர் பதில் சொல்ல ஆரம்பிப்பார், அவர் முகம் முழுவதும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பதில் முடியும்போது, "நீங்க எந்த காலேஜ்மா?" என்ற கேள்வி தானாக வரும். பெயர், ஊர், வேலை எல்லாம் இறங்க வேண்டிய இடம் அதுதான்.

துறையே புரியவில்லை என்றால்? அப்போதும் கேள்விதான், கொஞ்சம் சிறியது. பக்கத்து மாணவியிடம், "சார் சொல்றது தருமபுரி மட்டும்தானா, கிருஷ்ணகிரியும் சேர்த்தா?" என்று மெதுவாகக் கேட்கலாம். ஒருவரோடு பேச்சுத் தொடங்கினாலே பாதி வழி வந்தாயிற்று.

எல்லா முறையும் இப்படி நடக்காது. நீங்கள் உட்கார்ந்ததும் பேச்சு சட்டென்று நின்றுபோகலாம். அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம். புதியவருக்கு இடம் தர எல்லோரும் ஒரு கணம் நிமிர்வார்கள், அவ்வளவுதான். "ஏதோ ஃபுளோரைடு பத்திப் பேசிட்டிருந்தீங்க, சொல்லுங்க சார், நானும் கேட்கிறேன்" என்று ஒரு வாக்கியம் போட்டால் பேச்சு விட்ட இடத்திலிருந்து ஓடும். உண்மையான மறுப்பு வேறு மாதிரி இருக்கும். உங்கள் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும், பார்வை உங்களைத் தாண்டித் தாண்டிப் போகும், பக்கத்தில் இருப்பவரின் தோள் மெல்ல உங்களுக்கு முதுகு காட்டத் தொடங்கும். இரண்டு தடவை இப்படி ஆனால் முயற்சியை விட்டுவிடலாம். ஒரே அலுவலகத்து ஆட்கள் தங்கள் மேலதிகாரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மேசையிலும், உங்களுக்குத் தெரியாத மொழியில் பேச்சு ஓடும் மேசையிலும் இது நடக்கும். உங்கள் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேசையில் இன்னொரு பேச்சு இருக்கிறது, எதிலும் சேராமல் சாப்பிடும் அந்த இருவரும் இருக்கிறார்கள். மறுபக்கம் திரும்புங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் தயிர்சாதம் எடுக்க எழுந்து போகலாம், திரும்பும்போது வேறு மேசைக்குப் போகலாம். பஃபே சாப்பாட்டில் எழுந்து போவதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு மனதில் ஓடும் கணக்கையும் முழுதாக நம்பக் கூடாது. எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்கள் இருவர் பேசிப் பிரிந்த பிறகு ஒவ்வொருவரும், தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் அதிகம்.

ஏற்கெனவே மேசையில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு, அது வந்தவர் செய்வதைவிட மிக எளிது. தொழில்நுட்பக் கருத்தரங்குகளில் எரிக் ஹோல்ஷர் சொன்ன பேக்-மேன் விதி பரவலாகத் தெரியும்: நின்று பேசும்போது வட்டத்தை முழுதாக மூடாமல், அந்த வீடியோ கேம் உருவத்தின் திறந்த வாய் போல ஓர் ஆள் நுழையும் இடத்தை விட்டு நில்லுங்கள், ஒருவர் வந்து சேர்ந்தால் நகர்ந்து அடுத்தவருக்கு மறுபடி இடம் விடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது அதற்கு இணையானது, பக்கத்து நாற்காலியில் பையை வைக்காமல் இருப்பதும், வந்து உட்கார்ந்தவரிடம் பேச்சின் பொருளை ஒரே வரியில் சொல்வதும். "தருமபுரிக் கிணத்துத் தண்ணி பத்திப் பேசிட்டிருக்கோம், சார் அங்க பத்து வருஷம் வேலை பார்த்தவர்." மாணவி இவ்வளவு சொல்லியிருந்தால் விரிவுரையாளர் அந்த மூன்று நிமிடங்களைக் காத்துக் கழித்திருக்க வேண்டியதே இல்லை, கசடு பற்றிய கேள்வியை முதல் கவளத்திலேயே கேட்டிருப்பார்.