ஈயத்தை எளிதாகக் கடக்கும் நியூட்ரான், தண்ணீரில் தடுமாறுவது ஏன்? எக்ஸ்ரேயால் முடியாததைச் செய்யும் கல்பாக்கம் 'காமினி'!

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு வார்ப்பு, வெல்டிங் வேலைகள் நடக்கின்றன. இதுபோன்ற வேலைகளில் உலோகத்துக்குள் காற்றுக்குமிழியோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க, எக்ஸ்ரே அல்லது காமா கதிர் படம் எடுப்பது வழக்கம். உலோகத்தில் இருக்கும் குறைக்கு அது போதும். ஆனால் தேட வேண்டிய குறை, உலோகக் கூட்டுக்குள் அடைத்த வெடிமருந்தில் இருந்தால்?

ராக்கெட்டில் இந்தக் கேள்வி நிஜமாகவே வருகிறது.

ராக்கெட்டில் என்ன சிக்கல்?

ராக்கெட்டின் அடுக்குகளைப் பிரிக்க, 'பைரோ' எனப்படும் சிறு வெடிகருவிகள் பயன்படுகின்றன. உலோகக் கூடு, அதற்குள் கொஞ்சம் வெடிமருந்து, அவ்வளவுதான். அந்த மருந்து நடுவில் விட்டுப்போயிருந்தால் வெடிப்பு பாதியிலேயே நின்றுவிடலாம். அடுக்கு பிரியாவிட்டால் செயற்கைக்கோளும் போச்சு. வெடித்துப் பார்த்துச் சோதிக்கலாமா என்றால், சோதித்த கருவியை மறுபடி பயன்படுத்த முடியாது.

எக்ஸ்ரே எடுத்தால் கூடு பளிச்சென்று தெரியும். மருந்து சரியாகத் தெரியாது. இங்கேதான் நியூட்ரான் கைகொடுக்கிறது.

எக்ஸ்ரே எதைப் பார்க்கிறது?

எக்ஸ்ரே மோதுவது அணுவின் எலக்ட்ரான்களோடு. ஈய அணுவில் 82 எலக்ட்ரான்கள் இருப்பதால் அது எக்ஸ்ரேயைத் தடுத்துவிடுகிறது. ஹைட்ரஜனில் இருப்பது ஒன்றே ஒன்று. அதனால் எக்ஸ்ரேக்கு அது கண்ணில் படாத ஆள் மாதிரி.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாமல் நேராக அணுக்கருவோடு மோதுகிறது. எந்த அணுக்கரு எவ்வளவு தடுக்கும் என்பது எடையைப் பொறுத்ததல்ல. அந்தக் கருவுக்கும் நியூட்ரானுக்கும் இடையிலான அணுக்கரு விசையைப் பொறுத்தது. வேகம் குறைந்த நியூட்ரான்களை ஹைட்ரஜன் மிக பலமாகச் சிதறடிக்கும். சிதறிய நியூட்ரான் நேர்வழியை விட்டு விலகுவதால், படத்தில் அந்த இடத்தில் நிழல் விழுகிறது. அலுமினியமும் ஈயமும் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

1 செ.மீ. அலுமினியத்துக்குள் 2 மி.மீ. தண்ணீர்ப் படலம் சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறைந்த நியூட்ரான்களில் 100க்கு சுமார் 90 அலுமினியத்தைக் கடந்துவிடும். ஆனால் அந்த மெல்லிய தண்ணீர், வந்ததில் ஏறக்குறைய பாதியை வழிமாற்றிவிடும்.

இதையே 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ்ரேயில் பார்த்தால் கதை தலைகீழ். அலுமினியத்தைக் கடப்பது 100க்கு சுமார் 63. தண்ணீர் தடுப்பதோ 3 மட்டும்தான். படத்தில் அது தெரிவது கஷ்டம்.

பைரோ மருந்துகள் பலவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அதனால் தண்ணீர் போலவே அவையும் நியூட்ரான் படத்தில் தெரிகின்றன.

கல்பாக்கத்தில் எப்படி எடுக்கிறார்கள்?

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது 'காமினி' உலை. 1996-ல் இயங்கத் தொடங்கியது. யுரேனியம்-233 எரிபொருள், திறன் வெறும் 30 கிலோவாட். மின்சாரத்துக்காக அல்ல, நியூட்ரான்களுக்காகவே கட்டப்பட்டது. இஸ்ரோவின் பைரோ கருவிகள் இங்கே நியூட்ரான் படம் எடுத்துச் சோதிக்கப்பட்டுள்ளன.

உலையிலிருந்து நியூட்ரான் கற்றை ஒரு குழாய் வழியாக வந்து கருவியைக் கடக்கும். சாதாரண ஃபிலிம் நியூட்ரானை நேரடியாக உணராது. அதனால் ஃபிலிமை ஒட்டி கடோலினியம் தகடு போன்ற ஒன்றை வைப்பார்கள். நியூட்ரானை விழுங்கும் அந்தத் தகடு எலக்ட்ரான்களை வெளிவிட, ஃபிலிம் கறுக்கும். மருந்து இருக்கும் இடம் வெளிறித் தெரியும். மருந்து விட்டுப்போன இடம் கருப்பாகத் தெரியும்.

ஏமாறவும் வாய்ப்பு உண்டா?

உண்டு. கூட்டின் மேல் ஒட்டிய டேப், கிரீஸ், ரப்பர் வளையம் எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. மருந்தின் இடைவெளிக்கு மேலே கிரீஸ் பூசியிருந்தால் குறை மறைந்துவிடலாம். கருவியைத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தால், எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துவிடலாம். நல்ல கருவி என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் படத்தோடு ஒப்பிடுவதும் உதவும்.

எல்லா உலோகமும் நியூட்ரானுக்கு வழிவிடாது. காட்மியத்தில் மெல்லிய தகடே போதும், தடுத்து நிறுத்திவிடும். இரும்பு இரண்டுக்கும் நடுவில். பிளாஸ்டிக் கனமாக இருந்தால் அதற்குள் எதுவும் தெரியாது.

அப்படியென்றால் எக்ஸ்ரே தேவையில்லையா?

தேவைதான். கூட்டில் விரிசலா என்பதற்கு எக்ஸ்ரே, மருந்து நிரம்பியிருக்கிறதா என்பதற்கு நியூட்ரான். எக்ஸ்ரே கருவியைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோகலாம். நல்ல நியூட்ரான் கற்றை வேண்டுமென்றால் பெரும்பாலும் பொருள்தான் உலையைத் தேடிப் போக வேண்டும். அதனால்தான் வார்ப்பட ஆலையில் இன்றும் எக்ஸ்ரேயும் காமாவும் முன்னால் நிற்கின்றன. உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் மருந்து, தண்ணீர், ரப்பர், பசை என்று வரும்போது மட்டும் நியூட்ரானைத் தேடுகிறார்கள்.