மூன்று கோரிக்கைகளில் முடிகிற வேலை

இயற்பியல், கணிதக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளத்தில் (முகவரியில் arxiv.org என்று இருக்கும்) ஒரு பழைய எச்சரிக்கைப் பக்கம் உண்டு. "ரோபோக்களே, ஜாக்கிரதை" என்பது அதன் தலைப்பு. கண்ணில் பட்ட சுட்டியையெல்லாம் யோசிக்காமல் தொடர்ந்து போய்த் தளம் முழுவதையும் அள்ளப் பார்க்கும் நிரல்களைப் பற்றிய புலம்பல் அது. அனுமதி இல்லை என்று சொன்ன பிறகும் சரமாரியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, கீழே ஒரு சுட்டியையும் வைத்திருந்தார்கள்: உங்கள் கணினியின் மேல் தானியங்கிப் பதிலடியைத் தொடங்க இங்கே சொடுக்கவும். புத்தியுள்ள மனிதர் யாரும் அதைத் தொடமாட்டார். எல்லாச் சுட்டியையும் தொடுகிற நிரல் தொடும். நகைச்சுவையே அதுதான்.

இந்தத் தளத்தைப் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991-இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கினார். பிறகு அது கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. யாரிடமும் காசு வாங்காமல் படிக்கத் தரும் இடத்துக்கே இந்தக் கோபம் வருகிறதென்றால், ஒரே ஆள் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தானாக இறக்கும்போது மறுமுனையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும்.

ஓர் ஆய்வு மாணவி என்று வைத்துக்கொள்வோம். சூரியனையும் விண்மீன்களையும் பற்றிய கட்டுரைகளில் சில சொற்கள் எப்படிப் பெருகின என்று பார்க்க அவளுக்கு 5,000 கட்டுரைகள் வேண்டும். முகவரிகளை ஒரு பட்டியலாக எழுதி, wget என்ற பதிவிறக்கக் கருவியிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்பது அவள் எண்ணம். கட்டளை ஒரே வரிதான். அதைத் தட்டுவதற்கு முன்னால் அவள் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, தளத்தின் முகவரிக்குப் பின்னால் /robots.txt என்று சேர்த்தால் திறக்கும் சின்னக் கோப்பு. 1994-இல் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் முன்வைத்த ஏற்பாடு இது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே ஓடி, 2022-இல்தான் ஆர்.எஃப்.சி. 9309 என்ற எண்ணில் முறையான விதியானது. எந்த நிரல் எந்தப் பாதைக்குள் வரலாம், எதற்குள் வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பூட்டு கிடையாது, வாசலில் தொங்கும் பலகை மட்டுமே. படிக்காமல் உள்ளே போனால் அந்தப் பலகை எழுந்து வந்து தடுக்காது. பார்க்க எளிதாக இருந்தாலும் படிப்பதில் இரண்டு இடங்களில் சறுக்கும். விளக்கத்துக்காக நான் எழுதிய மாதிரி இது:

```
User-agent: *
Disallow: /archive/
Allow: /archive/open/

User-agent: suriyabot
Disallow: /private/
```

நட்சத்திரக் குறி போட்ட முதல் பத்தி எல்லாருக்குமானது. அதில் ஒரு வரி archive உள்ளே வராதே என்கிறது, அடுத்த வரி அதற்குள்ளேயே open பகுதிக்கு வரலாம் என்கிறது. எதைக் கேட்பது? வரிகளின் வரிசையைப் பார்க்கக்கூடாது. கேட்கும் முகவரியோடு அதிக நீளத்துக்குப் பொருந்துகிற வரிதான் செல்லும். ஆகவே open உள்ளே இருப்பதை எடுக்கலாம். பைத்தான் மொழியோடு வரும் robotparser பல ஆண்டுகளாக முதலில் பொருந்திய வரியையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. மேலே உள்ள கோப்பை அதனிடம் கொடுத்தால் open பகுதியும் தடை என்று சொல்லிவிடும். அதிகக் கட்டுப்பாட்டின் பக்கம் தவறுவதால் இதில் பெரிய கெடுதல் இல்லை. வரிசை வேறு மாதிரி அமைந்த கோப்பில் அதே வழக்கம் எதிர்ப்பக்கமும் தவறும்.

இரண்டாவது சறுக்கல் suriyabot பத்தி. உங்கள் நிரலின் பெயர் அதுவானால் பொதுப் பத்தியும் சேர்த்துப் பொருந்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொருந்தாது. பெயர் சொல்லித் தனிப் பத்தி இருந்தால் அது மட்டுமே உங்களுக்கு. இன்னொன்று: ஒரு தளத்தின் robots.txt அந்த முகவரிக்கு மட்டும்தான். முன்னொட்டு மாறினால் அது வேறு வாசல், வேறு பலகை.

ஆர்க்கைவின் கோப்பில் நம் மாணவிக்கு முக்கியமான வரி Crawl-delay: 15 என்பது. ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே 15 விநாடி விடு என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், 2022 விதியில் இந்த வரிக்கு இடமே இல்லை. கூகுளின் தேடல் நிரல் இதைக் கண்டுகொள்வதில்லை. wget-உம் இதைப் படித்துத் தானாக வேகத்தைக் குறைப்பதில்லை. அதைவிட முக்கியம், தளத்தைச் சுட்டி சுட்டியாகத் தொடரும்போது மட்டும்தான் wget robots.txt-ஐப் பார்க்கிறது. முகவரிப் பட்டியலைக் கையில் கொடுத்தால், மனிதர் தெரிந்து கேட்கிறார் என்று எண்ணி அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. மாணவி செய்யப்போவது அதைத்தான். "என் கருவி விதியை மதிக்கும் கருவி" என்ற நிம்மதி அவளுக்கு உதவாது. அவளே படித்தாக வேண்டும்.

படித்தபின் கணக்குப் போடுகிறாள். 5,000 கோப்பு, 15 விநாடி: 75,000 விநாடி. இருபது மணி ஐம்பது நிமிடம். முடியாதது அல்ல, ஆனால் ஓர் இரவில் தீராது.

அடுத்து அவள் போக வேண்டியது பயன்பாட்டு விதிகளின் பக்கம். இந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. வக்கீல் மொழியில் நம்மைப் பயமுறுத்த எழுதியது என்று நினைத்து "சம்மதம்" அழுத்திவிட்டுப் போகிறோம். நிரல் வைத்து எடுப்பவர்களுக்காக எழுதிய விதிகள் பெரும்பாலும் வேறு ரகம். அங்கே வழி சொல்லியிருப்பார்கள். ஆர்க்கைவ் சொல்வது இது: நிரல்களுக்கென்று export.arxiv.org என்ற தனி வாசல் இருக்கிறது, அங்கே வா. அங்குள்ள தேடல் இடைமுகத்தில் மூன்று விநாடிக்கு ஒரு கோரிக்கை, ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு. இந்த அளவு உன் கையில் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்துத்தான். நான்கு நண்பர்களின் மடிக்கணினிகளில் பங்கு பிரித்து வேகத்தை நான்கு மடங்காக்கும் தந்திரத்துக்கு அந்தக் கடைசி வாக்கியமே பதில்.

இந்த இடத்தில்தான் மாணவியின் வேலை தலைகீழாகிறது. தேடல் இடைமுகம் ஒரே பதிலில் 2,000 கட்டுரைகளின் தலைப்பு, ஆசிரியர்கள், தேதி, சுருக்கம் எல்லாவற்றையும் தருகிறது.

```
http://export.arxiv.org/api/query?search_query=cat:astro-ph.SR&start=0&max_results=2000
```

அடுத்த கோரிக்கையில் start என்பதை 2000 ஆக்க வேண்டும். மூன்றாவதில் 4000 ஆக்கி, 1,000 மட்டும் கேட்டால் போதும். 5,000 கட்டுரைகளின் விவரம் மூன்று கோரிக்கைகளில் வந்துவிட்டது. இடைவெளியையும் சேர்த்து, ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. சுருக்கங்களைப் படித்து வடிகட்டினால், முழுக் கட்டுரையும் தேவைப்படுவது 300-க்குத்தான் என்று தெரிகிறது. இவற்றுக்கு மூன்று விநாடியா, பதினைந்தா? இரண்டு எண்கள் இருந்தால் மெதுவானதையே எடுத்துக்கொள்வது என் பழக்கம். 300 கோப்பு, 15 விநாடி: ஒன்றே கால் மணி நேரம். உண்மையிலேயே எல்லாக் கட்டுரையும் முழுதாக வேண்டும் என்பவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். அமேசான் சேமிப்பகத்தில் மொத்த மூட்டைகளாக, ஒவ்வொன்றும் 500 மெகாபைட் அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். இறக்கும் செலவு எடுப்பவருடையது.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் இதே கதைதான். கட்டுரை கட்டுரையாக நிரல் வைத்துச் சுரண்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். dumps.wikimedia.org என்ற முகவரியில் tawiki என்ற பெயரில் முழுவதும் ஒரே சுருக்கிய கோப்பாகக் காத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

சரி, 300 கட்டுரைகளை இறக்கத் தொடங்கியாயிற்று. கோரிக்கையோடு நிரலின் பெயரையும் தன் மின்னஞ்சலையும் அனுப்புவது நல்லது. தொந்தரவு என்று தோன்றினால் சர்வர் நிர்வாகி முதலில் ஒரு கடிதம் எழுத அது இடம் கொடுக்கும். பெயரில்லாத கோரிக்கையை அவரால் தடுக்க மட்டுமே முடியும். அந்தத் தடையும் ஆளைப் பார்த்து விழாது, இணைய முகவரியைப் பார்த்து விழும். கல்லூரி விடுதி முழுவதும் ஒரே முகவரியின் பின்னால் இருந்தால், ஒருத்தி செய்ததற்கு மறுநாள் பேராசிரியருக்கும் தளம் திறக்காது.

தடை விழுந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? நாகரிகமான சர்வர் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். அதிகம் கேட்கிறாய் என்று பொருள். கூடவே Retry-After என்ற வரியில் எத்தனை விநாடி கழித்து வரலாம் என்றும் சொல்லக்கூடும். 403 என்றால் அனுமதி மறுப்பு. இங்கேதான் பட்டியல் முறையின் பெரிய ஓட்டை. 403 வந்ததும் wget அந்த முகவரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அதுவும் 403, அதற்கடுத்ததும் 403. பட்டியலில் மீதி 200 இருந்தால் இருநூறு முறையும் போய்க் கேட்கும். ஆர்க்கைவின் பழைய பக்கம் தாக்குதல் என்று சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது. 403-ஐயோ 429-ஐயோ முதல் தடவை கண்டதும் நின்றுவிடும்படி பத்து வரியில் ஒரு நிரல் எழுதிக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

எண்ணே வராமல் ஏமாற்றும் தடையும் உண்டு. சில தளங்கள் எல்லாம் சரி என்ற 200-ஐ அனுப்பி, கட்டுரைக்குப் பதிலாக "நீங்கள் மனிதர்தானா?" என்ற பக்கத்தைக் கொடுத்துவிடும். கோப்பின் பெயர் .pdf என்றே முடிந்திருக்கும், உள்ளே இருப்பது வலைப்பக்கம். பத்துப் பதினைந்து கோப்புகள் அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படலாம். உண்மையான பி.டி.எஃப். கோப்பின் முதல் எழுத்துகள் %PDF என்று இருக்கும். கோப்பு இறங்கியதும் அதைச் சோதிப்பது ஒரு வரி வேலை.

மூன்றாவது இடம் உரிமம். robots.txt அனுமதித்தது, விதிப்படி மெதுவாக எடுத்தோம், அதனால் கோப்பு நம்முடையது என்று ஆகிவிடாது. ஆர்க்கைவில் தலைப்பு, சுருக்கம் போன்ற விவரங்கள் யாரும் எதற்கும் பயன்படுத்தக்கூடியவை. கட்டுரைகளின் கதை வேறு. பெரும்பாலான ஆசிரியர்கள் விநியோகிக்கும் அனுமதியை ஆர்க்கைவுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். பதிப்புரிமை அவர்களிடமே இருக்கிறது. சிலர் மட்டும் தாராளமான உரிமம் போட்டிருப்பார்கள், அது அந்தந்தக் கட்டுரையின் பக்கத்திலேயே தெரியும். ஆகவே மாணவி தன் சொற்கணக்கு அட்டவணையை வெளியிடலாம், கட்டுரைகளுக்குச் சுட்டி கொடுக்கலாம். "ஜூனியர்களுக்கு உதவட்டுமே" என்று 300 கோப்புகளையும் துறையின் சர்வரில் போட்டு வைப்பதற்கு ஒவ்வொரு கட்டுரையின் உரிமத்தையும் பார்த்தாக வேண்டும். அவள் முகவரிப் பட்டியலை மட்டும் போட்டு வைத்தாள், எடுக்கும்போது 15 விநாடி விடுங்கள் என்ற குறிப்போடு.