97 சதவீதம் சரி, ஆனாலும் போதாது

ஒரு சமூக வலைதளம் வசைப் பேச்சைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சோதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதர்கள் படித்து முத்திரையிட்ட 1,000 உரையாடல்களில் 50 வசை. மென்பொருள் 60-ஐப் பிடிக்கிறது. அவற்றில் 40தான் உண்மையான வசை. மீதி 20 வீண் எச்சரிக்கை, கோட்டைவிட்டது 10. ஆக, 970 கணிப்புகள் சரி.

97 சதவீதம்! மயங்க வேண்டாம், எதையுமே பிடிக்காத சோம்பேறி மென்பொருளுக்கும் இங்கே 95 கிடைத்துவிடும். பிடித்தவற்றில் மூன்றில் ஒன்று தவறு, வசையில் ஐந்தில் ஒன்று தப்பியது என்பதே உருப்படியான கணக்கு.

வீண் எச்சரிக்கை யார் தலையில் விழுகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விக்கிப்பீடியா பேச்சுப் பக்கக் கருத்துகளில் பயிற்றப்பட்ட கூகுள் குழும மென்பொருள், தன்பாலின ஈர்ப்பாளர் தம்மைச் சொல்லிக்கொண்ட சாதாரண வாக்கியங்களையும் வசையாகக் கணித்தது.