முதலில் வாங்குவோரும் பிறரை வாங்கவைப்போரும்

புதிய மின்னணுக் கருவி எதுவும் முதலில் சிலரைக் குறிவைத்தே சந்தைக்கு வருகிறது. விலையும் குறைகளும் அதிகமாக இருக்கும் அந்தத் தொடக்கக் காலத்தில் அதை வாங்குபவர்கள் யார் என்பதே பெரும்பாலும் அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூலில், புதுமையை ஏற்பவர்களைக் கால வரிசைப்படி ஐந்தாகப் பிரித்தார். முதல் 2.5 சதவீதத்தினர் புதுமை நாடுவோர், அடுத்த 13.5 சதவீதத்தினர் முந்தி ஏற்போர். முன்பெரும்பான்மையினரும் பின்பெரும்பான்மையினரும் தலா 34 சதவீதம். எஞ்சிய 16 சதவீதத்தினர் பின்தங்குவோர். இவை மணிவடிவ வளைகோட்டைக் கூறுபோட்டுப் பெற்ற எண்கள். இறுதிவரை ஏற்காதவர்கள் இக்கணக்கில் இல்லை.

முதல் இரு பிரிவினருக்கும் உள்ள வேறுபாடே இங்கு முக்கியம். புதுமை நாடுபவர் இழப்புக்கு அஞ்சாதவர். ஆனால், அக்கம்பக்கத்தார் அவரை விசித்திரமானவராகவே பார்ப்பார்கள். முந்தி ஏற்பவரோ தம் வட்டத்தில் மதிப்புப் பெற்றவர், ஆராய்ந்தே வாங்குபவர். அவர் வாங்கிவிட்டால் மற்றவர்களின் தயக்கம் குறைகிறது. அயோவா மாகாண விவசாயிகளிடையே கலப்பின மக்காச்சோள விதை பரவியதை ஆராய்ந்த ரயன், கிராஸ் ஆகியோரின் 1943ஆம் ஆண்டு ஆய்வும் இதையே காட்டியது. விதையைப் பற்றிப் பலரும் விற்பனையாளரிடம்தான் முதலில் கேள்விப்பட்டார்கள்; நம்பி விதைக்கவைத்தவர்களோ பெரும்பாலும் அண்டை விவசாயிகள்.

இந்த வேறுபாட்டின் விளைவைக் கூகுள் கிளாஸ் கண்ணாடியில் காணலாம். 2013இல் அதன் விலை 1,500 டாலர். சமூக ஊடகம் வழியே விண்ணப்பித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோரும் மென்பொருள் உருவாக்குநர்களும் முதலில் பெற்றார்கள். அவர்களின் ஆர்வம் உண்மையானது. ஆனால், அன்றாட வாழ்வில் அக்கண்ணாடி எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. எதிரே இருந்தவர்களோ தங்களைப் படம்பிடிக்கிறார்களோ என்று அஞ்சினார்கள். சில மதுக்கூடங்கள் அதை அணிந்துவரத் தடை விதித்தன. 2015 ஜனவரியில் பொது நுகர்வோருக்கான விற்பனை நிறுத்தப்பட்டது. புதுமை நாடுவோரைக் கடந்து, மதிப்புமிக்க முந்தி ஏற்போரின் கைகளில் அது வேரூன்றவில்லை.

2017இல் அதே கண்ணாடி தொழிற்கூடங்களுக்கான பதிப்பாகத் திரும்பியது. கைகள் இரண்டும் வேலையில் இருக்கும்போதே செய்முறைக் குறிப்புகளைக் கண்ணெதிரே காட்டும் கருவியாக அதற்கு ஒரு பயன் இருந்தது. எனினும் 2023இல் அந்த விற்பனையும் முடிவுக்கு வந்தது.

எனவே, தொடக்க விற்பனை எண்ணிக்கையை மட்டும் கண்டு ஒரு கருவியை எடைபோடுவது தவறு. வாங்கியவரைப் பார்த்து நண்பர் என்ன கேட்கிறார் என்பதே நல்ல அளவுகோல். “எங்கே கிடைக்கும்?” என்று கேட்டால் பரவல் தொடங்கிவிட்டது, “இது எதற்கு?” என்று கேட்டால், இன்னும் தொடங்கவில்லை.