காத்திருப்பதா, காயில் கட்டுவதா?

மின்னியல் டிப்ளமோ இறுதியாண்டு மாணவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் மின்வாரிய அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தாலும் இடங்கள் குறைவு, போட்டியிடுவோர் அதிகம். இப்படிப் போகும் மூன்று நான்கு ஆண்டுகளில் கைத்தொழில் எதுவும் பழகாவிட்டால், படித்ததும் மறந்துபோகிறது. அதே காலத்தில் உள்ளூரிலேயே தொடங்கி நிலைபெறக்கூடிய தொழில்களில் ஒன்று மோட்டார் காயில் கட்டும் பட்டறை.

தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. மின்சாரம் இலவசம்; ஆனால் மோட்டார் எரிந்தால் செலவு விவசாயியுடையது. கோடையில் கிணற்று நீர் இறங்கி, மின்னழுத்தமும் குறையும்போது மோட்டார்கள் அடுத்தடுத்து எரியும். பயிர் காய்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் இரண்டு நாளில் சரிசெய்து தருபவரைத்தான் ஊர் தேடும்.

வேலை பழைய காயிலை வெட்டி எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, இணைப்பு ஸ்டாரா டெல்டாவா என்பதை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு விவரம் விட்டுப்போனாலும் புதுக் காயில் சூடாகும். பிறகு ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, இன்சுலேஷன் தாள் வைத்து, அச்சில் சுற்றிய காயிலை இறக்கிக் கட்டி, மெகரில் சோதித்து, வார்னிஷில் நனைத்துச் சூட்டில் உலர்த்த வேண்டும். காயிலுக்கும் உடலுக்கும் இடையிலான மின்தடை 1 மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் அந்த மோட்டார் வெளியே போகக் கூடாது.

இதுவரை சொன்ன வேலையைப் பட்டறையில் பழகிய எவரும் செய்வார். டிப்ளமோ படித்தவருக்குத் தனி மதிப்பு கிடைப்பது, மோட்டார் ஏன் எரிந்தது என்று கண்டுபிடிப்பதில். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது புதிதுபோல் இருந்தால், ஓடும்போது ஒரு பேஸ் அறுந்திருக்கிறது. டெல்டாவில் இதே கோளாறு ஒரு பேஸ் காயிலை மட்டும் கருக்கும். எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் அதிகச் சுமையோ குறைந்த மின்னழுத்தமோ காரணம். இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டும் பழக்கமும் மோட்டாரைக் கெடுக்கிறது. காரணத்தைக் கண்டறியாமல் காயில் மட்டும் கட்டி அனுப்பினால், சில நாளில் அதே மோட்டார் கருகித் திரும்பி வரும். கம்பிச் செலவும் பட்டறையின் பெயரும் சேர்ந்து போகும். ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயைச் சரியான அளவில் வைத்துவிட்டு வருவதற்குச் சில நிமிடம்தான் ஆகும். அதைச் செய்பவரிடம் ஊர் மறுபடி வரும்.

முதலீட்டுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினர் ஒருவர் 4 இலட்ச ரூபாயில் பட்டறை தொடங்குவதாக எடுத்துக்கொண்டால், 10 விழுக்காடான 40,000 ரூபாயை அவர் போட வேண்டும். மீதி 3,60,000 வங்கிக் கடன். மானியம் 25 விழுக்காடு, அதாவது 1 இலட்சம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குச் சொந்தப் பங்கு 5 விழுக்காடு, கிராமப்புற மானியம் 35 விழுக்காடு.

இந்த மானியம் கைக்கு வரும் பணம் அன்று. பலர் ஏமாறும் இடம் இதுவே. அது வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பில் இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. பட்டறை தொடர்ந்து நடந்தால்தான் பின்னர் கடனில் கழியும். எனவே வட்டி கட்ட வேண்டியது 2,60,000 ரூபாய்க்கு. 11 விழுக்காடு வட்டி, 5 ஆண்டு என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 5,650 ரூபாய். வாடகையும் உதவியாளர் கூலியும் போக இதைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டறைகள் பெரும்பாலும் மூடப்படுவது வேலை இல்லாமல் அல்ல, கையில் பணம் இல்லாமல். செம்புக் கம்பிக்கு உடனே ரொக்கம் தர வேண்டும். விவசாயியோ அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்பார். கம்பிக்கான பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, கூலிக்கு மட்டும் தவணை கொடுப்பதே பட்டறையைக் காப்பாற்றும். கடனில் முழுவதையும் இயந்திரத்தில் போடாமல், இரண்டு மாதக் கம்பிச் செலவை ஒதுக்கி வைப்பதும் அவசியம்.

படிப்பு முடிந்த மறுநாளே கடன் வாங்குவது தவறு. பாலிடெக்னிக் ஆய்வகப் பயிற்சி மட்டும் இதற்குப் போதாது. முதலில் நடந்துகொண்டிருக்கும் ஒரு பட்டறையில் ஓராண்டு, அதில் ஒரு முழுக் கோடையும் அடங்குமாறு, வேலை பார்க்க வேண்டும். வார்னிஷ் தேவையில்லாமல் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியால் கட்டப்படும் நீர்மூழ்கி மோட்டார் வேலையையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். இறுதியாண்டு மாணவர் அப்படி ஒரு பட்டறையைத் தேட வேண்டிய நேரம், தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய விடுமுறை.