உயர்வரிசை வகையீட்டுச் சமன்பாடும் நிலைத் தொகுதியும்: தாய அடுக்குக்குறி பற்றிய ஒரு விளக்கம்

ஓர் இயக்கத்தின் நாளைய போக்கை அறிவதற்கு அதன் நேற்றைய வரலாறு முழுவதும் வேண்டுமா, அன்றி அவ்வரலாறு இக்கணத்தில் விட்டுச்சென்ற சில அளவுகள் மாத்திரம் போதுமா? நேர்கோட்டு வகையீட்டுச் சமன்பாடுகளைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குத் திட்டவட்டமான விடை உண்டு. சமன்பாட்டின் வரிசை எத்தனையோ அத்தனை அளவுகள் போதும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் போதாது. இவ்விடையின் பொருளை ஓர் எளிய எடுத்துக்காட்டின் வழியே இங்கு ஆராய்வோம்.

சுவரொன்றுடன் வில்லினாலும் எண்ணெய்த் தணிப்பானினாலும் இணைக்கப்பட்ட ஒரு சிறு வண்டியைக் கருதுக. அதன் திணிவு 1 கிலோகிராம். வில், மீற்றருக்கு 2 நியூற்றன் விசையுடன் அதனைச் சமநிலைக்கு இழுக்கிறது. தணிப்பானோ செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்துக்கு 3 நியூற்றன் என்ற அளவில் அதன் இயக்கத்தை எதிர்க்கிறது. சமநிலையிலிருந்து வண்டியின் இடப்பெயர்ச்சி y எனவும், வெளிவிசை u எனவும் கொண்டால், நியூற்றனின் இரண்டாம் விதி பின்வரும் இரண்டாம் வரிசைச் சமன்பாட்டைத் தரும்:

y″ + 3y′ + 2y = u

இதனை முதல் வரிசைத் தொகுதியாக மாற்றுவதற்கு இடப்பெயர்ச்சியை x₁ எனவும், வேகத்தை x₂ எனவும் பெயரிடுவோம். அப்பொழுது ஒரு சமன்பாடு இரண்டாகின்றது:

x₁′ = x₂
x₂′ = −2x₁ − 3x₂ + u

முதலாவது வெறும் பெயரீட்டின் விளைவு. இரண்டாவதிலேதான் இயக்கவிதி முழுவதும் அடங்கியுள்ளது. n ஆம் வரிசைச் சமன்பாடாயின் y இலிருந்து அதன் (n−1) ஆம் பெறுதி வரை n மாறிகள் இவ்வாறே பெறப்படும். அவற்றை ஒரு நிரலாக அடுக்கின் கிடைப்பது நிலைக் காவி x. தொகுதியைச் சுருக்கமாக x′ = Ax + Bu என எழுதலாம். நமது எடுத்துக்காட்டில் A இன் முதல் நிரை (0, 1). இரண்டாம் நிரை (−2, −3). B என்பது 0, 1 ஆகியவற்றைக் கொண்ட நிரல்.

வெளிவிசை இல்லாதபோது x′ = Ax. ஒற்றை மாறிக்குரிய x′ = ax என்பதன் தீர்வு eᵃᵗx(0) என்பதை நாம் அறிவோம். இங்கும் தீர்வு e^(At)x(0) ஆகும். ஒரு தாயத்தை அடுக்குக்குறியாக வைப்பதற்கு என்ன பொருள்? வழமையான அடுக்குக்குறித் தொடரிலே எண்ணுக்குப் பதிலாகத் தாயத்தை இடுதல் என்பதே அதன் பொருள்:

e^(At) = I + At + A²t²/2! + A³t³/3! + …

1888 இல் பியானோ நேர்கோட்டுத் தொகுதிகளின் தீர்வை இத்தகைய தொடராக எழுதினார். கட்டுப்பாட்டுக் கொள்கையில் ‘நிலை’ என்னும் கருத்து மைய இடத்தைப் பெற்றது 1960 அளவில், கல்மானின் ஆய்வுகளோடு.

இத்தொடரின் முடிவிலா உறுப்புக்களையும் கூட்டவேண்டியதில்லை. ஒவ்வொரு சதுரத் தாயமும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவுசெய்யும் என்பது கேலி–ஹமில்ற்றன் தேற்றம். நமது தாயத்தின் சிறப்பியல்புச் சமன்பாடு λ² + 3λ + 2 = 0 ஆதலால், A² = −3A − 2I. எனவே A இன் உயர் அடுக்குகள் யாவும் A ஆகவும் I ஆகவும் ஒடுங்கிவிடுகின்றன; e^(At) = pI + qA என்ற வடிவமே எஞ்சுகிறது. p, q ஆகியன நேரத்தின் சார்புகள். இதே உறவை −1, −2 ஆகிய இரு மூலங்களும் நிறைவுசெய்ய வேண்டும்:

e^(−t) = p − q
e^(−2t) = p − 2q

ஆகவே q = e^(−t) − e^(−2t), p = 2e^(−t) − e^(−2t). e^(At) இன் முதல் நிரை (p, q). இரண்டாம் நிரை (−2q, p − 3q). இதன் முதல் நிரல், ஓரலகு இடப்பெயர்ச்சியில் ஓய்விலிருந்து விடப்பட்ட வண்டியின் கதையைச் சொல்கிறது. இரண்டாம் நிரல், சமநிலையிலிருந்து ஓரலகு வேகத்துடன் தள்ளப்பட்ட வண்டியின் கதை.

வண்டியை 1 மீற்றர் இழுத்து ஓய்விலிருந்து விடுவோம். ஒரு செக்கனின் பின் இடப்பெயர்ச்சி 0.600, வேகம் −0.465. இனி முதற் செக்கனில் நிகழ்ந்த யாவற்றையும் மறந்துவிட்டு, இவ்விரு எண்களையே புதிய தொடக்கமாகக் கொண்டு அடுத்த செக்கனைக் கணிப்போம். t = 1 இல் p = 0.600, q = 0.233 ஆதலால், புதிய இடப்பெயர்ச்சி 0.600 × 0.600 − 0.233 × 0.465 = 0.252. சூத்திரத்தில் நேரடியாக t = 2 எனப் பிரதியிட்டாலும் இதே 0.252 தான் கிடைக்கிறது. ஆனால் வேகத்தையும் மறந்து இடப்பெயர்ச்சியை மாத்திரம் எடுத்துச் சென்றிருந்தால் விடை 0.360 என்றாகியிருக்கும்; அது பிழை. கடந்தகாலத்தின் எப்பகுதியை விடலாம், எதனை விடலாகாது என்பதை வரையறுப்பதே நிலை என்னும் கருத்தின் பணி.

வெளிவிசை செயற்படும்போது, அது ஒவ்வொரு கணமும் வேகத்திற் சிறிது சேர்க்கிறது. s என்னும் கணத்திற் சேர்ந்தது எஞ்சிய t − s நேரத்துக்கு அதே தாயத்தினாற் கொண்டுசெல்லப்படுகிறது. அவையனைத்தையும் தொகையிட்டால்:

x(t) = e^(At)x(0) + ∫₀ᵗ e^(A(t−s)) B u(s) ds

ஓய்விலுள்ள வண்டி மீது 1 நியூற்றன் மாறாவிசை செயற்படின், q இன் தொகையீட்டினால் y = ½ − e^(−t) + ½e^(−2t) எனப் பெறுவோம். காலப்போக்கில் இது ½ மீற்றரை அணுகுகிறது. விசையை வில்லின் மாறிலியால் வகுக்கக் கிடைப்பதும் அதுவே. கணிப்புச் சரியென்பதற்கு இஃதொரு சான்று.

பிழைகள் நேரும் இடங்கள் சிலவுண்டு. தாயத்தின் ஒவ்வொரு மூலகத்தையும் தனித்தனியே அடுக்குக்குறியாக்குவது மாணவரிடையே காணப்படும் தவறு. அதனை எளிதிற் கண்டுகொள்ளலாம்: t = 0 இல் அலகுத் தாயம் வரவேண்டிய இடத்தில், எல்லா மூலகங்களும் 1 ஆக நிற்கும். வில்லின் மாறிலி 1 ஆகவும் தணிப்பு 2 ஆகவும் இருப்பின் வேறொரு சிக்கல் எழும். மூலங்களிரண்டும் −1 ஆகிவிடுவதால், மேற்கண்ட இரு சமன்பாடுகளும் ஒன்றாகிவிடும். அந்நிலையில் e^(λt) = p + qλ என்பதை λ குறித்து வகையிட்டு இரண்டாஞ் சமன்பாட்டைப் பெறவேண்டும். அது q = te^(−t) எனத் தரும்; t என்னும் காரணி தீர்வினுட் புகுவது இவ்வாறே.

கணினியில் தொடரை அப்படியே கூட்டுவதும் ஆபத்தானது. t = 10 எனின் e^(−2t) ஏறத்தாழ 2 × 10⁻⁹. ஆயின் அதன் தொடரின் உறுப்புக்கள் 4 × 10⁷ வரை வளர்ந்து, பின்னரே ஒன்றையொன்று நீக்குகின்றன. பதினாறு இலக்கத் துல்லியம் இருப்பினும், எஞ்சும் வழு உண்மை விடையை விடப் பெரிதாகலாம். எனவே At ஐ 2 இன் ஓர் அடுக்கால் வகுத்துச் சிறிதாக்கி, அடுக்குக்குறியைக் கண்டபின், விடையை மீண்டும் மீண்டும் வர்க்கிப்பதே வழக்கம். மோலரும் வான் லோனும் 1978 இல் வெளியிட்ட கட்டுரையில் பத்தொன்பது முறைகளை ஆராய்ந்து, அவை அனைத்தையும் ‘ஐயத்துக்குரியவை’ என்றே தலைப்பிட்டனர்.

இறுதியாக, இம்முறையின் எல்லையையும் குறிப்பிடவேண்டும். A மாறிலியாக இருக்கும் வரையிலேயே இவையாவும் பொருந்தும். எண்ணெய் சூடேறித் தணிப்பு நேரத்தோடு மாறுமாயின், A இன் தொகையீட்டை அடுக்குக்குறியாக இடுதல் பொதுவாகப் பிழையான விடையையே தரும். ஏனெனில் வெவ்வேறு கணங்களின் தாயங்களை வரிசை மாற்றிப் பெருக்கின் பெருக்கமும் மாறிவிடும். அப்பொழுதும் இடப்பெயர்ச்சியும் வேகமுமே நிலையாக நிற்கும். ஆனால் எவ்வளவு நேரம் கழிந்தது என்பது மாத்திரம் அங்கே போதாது. எக்கணத்திலிருந்து எக்கணம் வரை என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.